பலகையிலிருந்து தொடங்குகிறேன்

முன்பின் அறியாத கடைக்காரரை அழைக்கும் முன், யாரைக் கேட்டுப் பேசுவது என்று தெரிந்துகொள்ள, கூகுள் மேப்ஸில் அவருடைய கடையின் பெயர்ப்பலகையைத்தான் முதலில் பெரிதாக்கிப் பார்ப்பேன். வாசல் பலகையில் ஜிஎஸ்டி எண்ணை எழுத வேண்டும் என்பது விதி என்பதால், அந்த 15 இலக்க எண் பெரும்பாலும் அங்கேயே கிடைத்துவிடும்.

நேற்று ஈரோட்டில் ஒரு மோட்டார் உதிரிபாகக் கடையின் எண்ணில் ஆறாவது எழுத்து P என்றிருந்தது; அப்படியென்றால் அது தனிநபர் பெயரில் உள்ள கடை. ஜிஎஸ்டி தளத்தில் தேடியபோது, பதிவு நடப்பில் இருப்பதும் உரிமையாளராக ஒரு பெண்மணியின் பெயர் இருப்பதும் தெரிந்தன.

ஆனால் மனைவி பெயரில் பதிவு செய்துவிட்டுக் கணவர் கடையை நடத்துவது நம் ஊரில் சகஜம் என்பதால், அதோடு நிறுத்தாமல் வாடிக்கையாளர் விமர்சனங்களையும் படித்தேன். மூன்று பேர் ஒரே அண்ணனைப் பெயர் சொல்லிப் பாராட்டியிருந்தார்கள். அந்த அண்ணனைக் கேட்டுத்தான் அழைத்தேன், எடுத்தவரும் அவரே.