கூர்நோக்குக் குழு விசாரணை: ஒரு 1938 கிரயப் பத்திரமும் பத்திவாரியான பதிலும்

அப்பா 2023-இல் மத்திய அரசு நிறுவனம் ஒன்றிலிருந்து ஓய்வு பெற்றார். பணியில் சேரும்போது அவர் கொடுத்த குருமன்ஸ் பழங்குடிச் சான்றின் மெய்த்தன்மை இன்னும் உறுதிசெய்யப்படவில்லை என்று காரணம் சொல்லிப் பணிக்கொடையை நிறுத்தி வைத்துவிட்டார்கள். அதன் பிறகுதான் சாதிச் சான்றுகளின் மெய்த்தன்மையை ஆராயும் மாநில அளவிலான கூர்நோக்குக் குழுவிலிருந்து விசாரணை அறிவிப்பும், அதனுடன் குழுவுக்காகக் கள விசாரணை செய்யும் விழிப்புப் பிரிவின் அறிக்கை நகலும் பதிவுத் தபாலில் வந்தன. பெயரளவில் அது அப்பாவுக்கான விசாரணை என்றாலும், காகிதம் தேடி அலைந்ததும் எழுத்து வடிவ வாதுரையைத் தயாரித்ததும் நான்தான். இதே நிலையில் இருப்பவர்களுக்கு எங்கள் அலைச்சலில் கொஞ்சமாவது மிச்சமாகட்டும் என்று எழுதுகிறேன்.

அறிவிப்பு வந்தவுடன் எல்லோரும் செய்வது, வீட்டிலுள்ள அத்தனை காகிதத்தையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு வழக்கறிஞரிடம் ஓடுவது. அதற்கு முன் விழிப்புப் பிரிவு அறிக்கையைப் பத்தி பத்தியாகப் படித்து, எந்தப் பத்தி நமக்கு எதிரானது என்று ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு எதிராக அதில் இருந்தவை மூன்றே விஷயங்கள். 1983-இல் வட்டாட்சியர் வழங்கிய சான்றுக்கு அலுவலகத்தில் மூலப்பதிவு இல்லை என்பது ஒன்று. 1968-ஆம் ஆண்டுப் பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் அப்பாவின் சாதி ‘குரும்பன்’ என்று எழுதப்பட்டிருக்கிறது என்பது இரண்டாவது. சமூகத்தின் பேச்சுமொழி, சடங்குகள் பற்றிய கேள்விகளுக்கு அப்பா சரியாக விடை சொல்லவில்லை என்பது மூன்றாவது. அறிக்கையில் குறிப்பிடப்பட்ட வாக்குமூலங்களும் இணைப்புகளும் நகலுடன் வரவில்லை. அவற்றை அன்றைக்கே எழுத்து மூலமாகக் கேட்டு, ஒப்புகை அட்டையுடன் தபாலில் அனுப்பினோம். பதில் கொடுப்பதற்கான அவகாசத்தை 30 நாளுக்கு மேல் நீட்டக் கூடாது என்று மாதுரி பாட்டீல் வழக்கில் 1994-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிமுறையே சொல்வதால், இணைப்பு வரட்டும் என்று காத்திருந்தால் நாள்தான் போகும்.

முதல் விஷயம் சுலபம் என்று நினைத்து வட்டாட்சியர் அலுவலகத்திற்குப் போனோம். பதிவறை எழுத்தர் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலேயே, “அந்தக் காலத்து ரிஜிஸ்டரெல்லாம் கரையான் அரிச்சுப் போச்சும்மா, எங்க போய்த் தேடறது?” என்றார். அதையே எழுதிக் கொடுங்கள் என்றதற்கு, மேலதிகாரியைப் பார்க்கச் சொன்னார். மேலதிகாரி முகாமுக்குப் போயிருந்தார். வெறும் கையோடு திரும்பி வந்து தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்ட பிறகுதான், அந்த ஆண்டுப் பதிவேடு ‘இருப்பில் இல்லை’ என்று கையெழுத்தும் முத்திரையுமாகப் பதில் கிடைத்தது. எரிச்சலாக இருந்தாலும், கடைசியில் எங்களுக்கு உதவியது அந்த ஒற்றை வரிதான். ‘சான்று வழங்கப்படவில்லை’ என்பதும் ‘வழங்கிய பதிவேடு அலுவலகத்தில் இல்லை’ என்பதும் ஒன்றல்ல. பதிவேட்டைப் பாதுகாக்க வேண்டிய கடமை அப்பாவுடையதும் அல்ல. பழங்குடிச் சான்று வழங்கும் அதிகாரம் 11.11.1989 முதல் கோட்டாட்சியருக்கு மாற்றப்பட்டது. அதற்கு முன் வட்டாட்சியர் வழங்கிய சான்று, முறைப்படி ரத்து செய்யப்படும் வரை செல்லும் என்று சென்னைத் துறைமுகப் பொறுப்புக்கழகம் தொடர்பான கந்தசாமி வழக்கில் 1997-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இந்த இரண்டையும் சேர்த்து எழுதியதோடு முதல் பத்திக்கான பதில் முடிந்தது.

உண்மையான சிக்கல் இரண்டாவது பத்தி. தமிழ்நாட்டுப் பழங்குடிப் பட்டியலில் குருமன்ஸ் தனி வரிசை, நீலகிரி மாவட்டத்துக்கு மட்டுமான குரும்பாஸ் தனி வரிசை. எங்கள் ஊரோ இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கிறது. இந்த இடத்தில் ‘குரும்பன் என்றாலும் குருமன் என்றாலும் ஒன்றுதான்’ என்று பக்கம் பக்கமாக வாதாடத் தோன்றும். உறவினர்கள் பலரும் அப்படித்தான் எழுதச் சொன்னார்கள். ஆனால், பழங்குடிப் பட்டியலை 1950-இல் அறிவித்த குடியரசுத் தலைவரின் ஆணையில் உள்ள பெயரை உள்ளபடியேதான் படிக்க வேண்டும், அதற்குள் இன்னொரு பெயரும் அடங்கும் என்று விசாரித்து முடிவு செய்யும் அதிகாரம் குழுவுக்கோ நீதிமன்றத்துக்கோ கிடையாது என்று மிலிந்த் வழக்கில் 2000-இல் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே அந்த வாதத்தை நாமே எடுத்து வைத்தால், ‘நீங்கள் உங்கள் மாவட்டத்துக்குப் பட்டியலில் இல்லாத பெயருக்கு உரியவர்’ என்பதை நாமே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். எங்களுக்குத் தேவைப்பட்டது, ‘குருமன்’ என்று தெளிவாக எழுதப்பட்ட, 1950-க்கு முந்தைய ஒரு பதிவு. அத்தகைய பழைய ஆவணங்களுக்கே கூடுதல் மதிப்பு என்று 2011-இல் ஆனந்த் வழக்கில் சொல்லியிருக்கிறார்கள்.

கொள்ளுத்தாத்தா தம் தங்கையின் கல்யாணத்துக்காக ஒரு துண்டு நிலத்தை விற்றார் என்பது பெரியப்பா சொன்ன தகவல். எந்த வருடம் என்று அவருக்குத் தெரியவில்லை. நாங்கள் தேடியபோது இணையத்தில் வில்லங்கச் சான்று 1975-க்குப் பிறகுதான் கிடைத்தது. அதற்கு முன்னால் போக வேண்டுமானால் சார்பதிவாளர் அலுவலகத்தில் கையால் தேட வேண்டும். அங்கிருந்த உதவியாளர், ஆவண எண்ணும் வருடமும் இல்லாமல் எதையும் தேட முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார். அது தவறான பதில். அட்டவணை 1-இல் எழுதிக்கொடுத்தவர், எழுதிவாங்கியவர் பெயர்கள் இருக்கும், அட்டவணை 2-இல் சொத்தின் விவரம் இருக்கும், கட்டணம் செலுத்தினால் இவற்றை யார் வேண்டுமானாலும் பார்வையிடலாம் என்று பதிவுச் சட்டத்தின் 55, 57-ஆவது பிரிவுகள் சொல்கின்றன. பிரிவு எண்களைக் குறிப்பிட்டு, வருட வரம்பையும் கிராமத்தையும் எழுதி மனுவாகக் கொடுத்தபோது, அதே மனிதர் எதுவும் பேசாமல் வாங்கிக்கொண்டார். இன்னொரு இடைஞ்சல், எல்லை மாற்றத்தால் பழைய தொகுதிகள் பக்கத்து அலுவலகத்தில் இருந்தன. உங்கள் கிராமம் அந்தக் காலத்தில் எந்த ஜில்லா, எந்தச் சார்பதிவகம் என்பதை முதலில் உறுதிசெய்துகொண்டு பிறகு கிளம்புங்கள்.

அட்டவணைத் தொகுதியின் தாள்கள் தொட்டால் பொடியும் நிலையில் இருந்தன. 1938-ஆம் ஆண்டுப் பக்கத்தில் கொள்ளுத்தாத்தாவின் பெயர் கிடைத்தது. அதைக் கொண்டு சான்றிட்ட நகல் வாங்கினோம். ‘சேலம் ஜில்லா கிருஷ்ணகிரி தாலுகா’ என்று கிராமத்தைச் சொல்லித் தொடங்கி, ‘குருமன் ஜாதி, ஆடு மேய்த்தல் ஜீவனம்’ என்று எழுதி, அவர் தமக்காகவும் தம்முடைய மைனர் குமாரனுக்குக் கார்டியனாகவும் எழுதிக்கொடுத்த கிரயப் பத்திரம் அது. மைனர் குமாரன் என்பது என் தாத்தா. சாதியும் வாரிசு உறவும் ஒரே வாக்கியத்தில் இருந்ததைப் படித்தபோது, அலுவலக வராந்தாவிலேயே அப்பாவுக்குப் போன் செய்தேன்.

ஆனால் அந்தப் பத்திரம் மட்டும் போதாது. ஆவணங்களில் சாதியைச் சொல்பவை ஒரு வகை, யார் யாருடைய மகன் என்று சொல்பவை இன்னொரு வகை. இரண்டாவது வகை இல்லாவிட்டால், ‘அந்தக் குருமன் உங்கள் கொள்ளுத்தாத்தாதான் என்பதற்கு என்ன ஆதாரம்?’ என்ற கேள்வியோடு முதல் வகையும் விழுந்துவிடும். பத்திரத்தில் தாத்தா பெயர் ‘மாரன்’. அப்பாவின் பள்ளிப் பதிவேட்டிலும் 1986-ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைப் பத்திரத்திலும் ‘மாரப்பன்’. இந்த இடைவெளியை நிலத்தைக் கொண்டு இணைத்தோம். 1938-இல் விற்றது ஒரு சர்வே எண்ணின் கீழ்பாகம். மீதி மேல்பாகம்தான் 1986-இல் அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் பிரிந்தது. நடுவில் உட்பிரிவு எண்கள் மாறியிருந்ததால், பழைய எண்ணுக்கு எதிரே புதிய எண் காட்டும் ‘அ’ பதிவேட்டு நகலைக் கிராம நிர்வாக அலுவலரிடம் வாங்கினோம். பட்டா, சிட்டாவில் சாதி இருக்காது என்று அவற்றை ஒதுக்கிவிட வேண்டாம் என்று சொல்வது இதனால்தான். பெயர் வேறுபாட்டுக்குப் பெரியப்பாவின் உறுதிமொழிப் பத்திரமும் வைத்தோம். ஆனால் அது துணைதான், நிலத்தின் தொடர்ச்சிதான் ஆதாரம்.

வாதுரையை எழுதும்போது வரலாறு, வேதனை, சமூக நீதி எல்லாம் முதல் வரைவில் வந்து உட்கார்ந்துகொண்டன. அத்தனையையும் நீக்கி, அறிக்கையின் பத்தி எண்ணையே தலைப்பாக வைத்து, ‘பத்தி 4-இல் கூறப்பட்டுள்ளது இது, இதற்கு எங்கள் பதில் இது, ஆதாரம், ஆவணத் தொகுப்பு பக்கம் 7’ என்ற அமைப்பில் மாற்றினேன். பள்ளிப் பதிவேட்டுப் பத்திக்கு நாங்கள் எழுதிய பதில் சாரமாக இது: ‘1968-இல் சேர்க்கையின்போது பள்ளியில் செய்யப்பட்ட பதிவு மறுக்கப்படவில்லை. அந்தப் பதிவைக் குருமன்ஸ் என்று பொருள்கொள்ளுமாறும் கோரவில்லை. அதற்கு 30 ஆண்டுகள் முன்னர், எந்தச் சலுகையும் நோக்கமாக இல்லாத நிலையில், மனுதாரரின் பாட்டனாரே பதிவு அதிகாரி முன் எழுதிக்கொடுத்த ஆவணத்தில் குருமன் என்று உள்ளது. முந்தையதும் நோக்கமற்றதுமான அந்த ஆவணத்துக்கே முன்னுரிமை தர வேண்டும்.’ இந்த நான்கு வரிகளுக்குத்தான் அதிக நேரம் பிடித்தது.

மூன்றாவது பத்திக்கு, அப்பா சொன்ன சரியான விடைகளையும் அறிக்கையிலிருந்தே எடுத்துக் காட்டினோம். வீரபத்திர சுவாமி குலதெய்வம் என்பதையும், திருவிழாவில் பூசாரி பக்தர்களின் தலையில் தேங்காய் உடைக்கும் வழக்கத்தையும் அவர் சொன்னது வாக்குமூலத்தில் இருந்தும் முடிவுரையில் விடுபட்டிருந்தது. இணைப்புகளைக் கேட்டு வாங்கியிராவிட்டால் இது எங்களுக்குத் தெரிந்தே இருக்காது. இடம்பெயர்வாலும் நவீன வாழ்க்கையாலும் பழைய அடையாளங்கள் மாறக்கூடும் என்று ஆனந்த் வழக்கு சொல்வதையும், பேச்சுமொழி, சடங்குகளை வைத்துச் செய்யும் இனத்தொடர்புச் சோதனை மட்டுமே முடிவானதல்ல என்று 2023 மார்ச்சில் மூன்று நீதிபதிகள் அமர்வு உறுதிசெய்ததையும் இரண்டே வாக்கியங்களில் சேர்த்தோம். தீர்ப்புகளில் உரிய பக்கங்களை மட்டும் வைத்தால் போதும்.

தொகுப்பின் முதல் தாளில் வம்சாவளி வரைபடம், ஒவ்வொரு உறவுக் கோட்டின் மேலும் ஆதாரப் பக்க எண். அடுத்து, ஆண்டு வரிசையில் ஆவணங்கள். பழைய கையெழுத்து நகலுக்கு எதிர்ப்பக்கத்தில் அதைத் தட்டச்சு செய்த வடிவம். எல்லாப் பக்கத்துக்கும் வலது கீழ் மூலையில் ஒரே தொடர் எண். குழுவினர் ஒவ்வொருவருக்கும் ஒரு பிரதி, எங்களுக்கு ஒன்று, முத்திரை வாங்க முகப்புக் கடிதத்தின் நகல் ஒன்று. தபால் பிரிவில் முத்திரை போட மறுத்து ‘உள்ளே கொடுங்கள்’ என்றால், நகர வேண்டாம். பெறப்பட்ட தேதி இல்லாத வாதுரை கொடுக்காததற்குச் சமம்.

விசாரணை நான் பயந்ததைவிடச் சுருக்கமாக முடிந்தது. மானிடவியல் உறுப்பினர் அப்பாவிடம் குலதெய்வக் கோயில் பற்றிச் சில கேள்விகள் கேட்டார். மற்றவர்கள் வம்சாவளித் தாளைப் பிரித்து வைத்துக்கொண்டு, 1938 பத்திரத்தின் சான்றிட்ட நகலையும் ‘அ’ பதிவேட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். சர்வே எண் தொடர்ச்சியைப் பற்றிக் கேட்டபோது, அப்பா பக்க எண்ணைச் சொன்னார். அவர்களே திருப்பிப் பார்த்துக்கொண்டார்கள்.

சான்று மெய்யானது என்ற ஆணை சில மாதங்கள் கழித்து வந்தது. நிறுவனம் இப்போது பணிக்கொடைக் கோப்பைத் திறந்திருக்கிறது. தாமதத்துக்கான வட்டியைக் கேட்டு அப்பா தனியாக ஒரு மனுக் கொடுத்திருக்கிறார். பெரியப்பா பேத்தி இந்த ஆண்டு கோட்டாட்சியரிடம் சான்றுக்கு விண்ணப்பிக்கப் போகிறாள். அவளுடைய விண்ணப்பத்தோடு வைப்பதற்காக அந்த ஆணையின் சான்றொப்பமிட்ட நகலுக்கும் எழுதிப் போட்டிருக்கிறோம்.