ரயில் வந்ததும்: 'வில்' எந்தப் பக்கம்?

நுவரெலியா, எல்ல பக்கத்து ஹோட்டல்களிலும் வேன்களிலும் வேலை செய்யும் நம் பிள்ளைகளின் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் அடிக்கடி காதில் விழும்: "வென் ஐ வில் ரீச் நானுஓயா, ஐ வில் கோல் யூ." விருந்தினருக்கு விஷயம் புரிந்துவிடும். ஆனாலும் வென்னை அடுத்து வில் வந்தால் ஏதோ கேள்வி வருகிறதென்று அவர் ஒரு கணம் தயங்குவார். சரியான வாக்கியம்: "வென் ஐ ரீச் நானுஓயா, ஐ வில் கோல் யூ."

போய்ச் சேர்வது இனிமேல்தானே, அங்கேயும் எதிர்காலம் வேண்டாமா என்று தோன்றும். தமிழில் இதை எப்படிச் சொல்கிறோம் என்று பாருங்கள். "நான் வந்ததும் கோல் எடுப்பேன்" என்கிறோம். எதிர்காலம் 'எடுப்பேன்' என்பதில் மட்டும் இருக்கிறது. 'வருவேன்போது' என்று யாரும் பேசுவதில்லை. ஆங்கிலத்திலும் அப்படித்தான்: எதிர்காலத்தை முதன்மை வினை ஒன்றே சுமக்கும், நேரம் சொல்லும் பகுதி சாதாரண நிகழ்காலத்தில் நிற்கும். 'வந்ததும்' என்பதில் இறந்தகாலச் சாயல் இருக்கிறதென்று 'ரீச்ட்' போட்டால் அது நடந்து முடிந்த கதையாகிவிடும். 'வரும்போது' என்பதில் உள்ள 'வரும்' எதிர்காலம் போலத் தெரிவதால்தான் பலர் வில்லைக் கூட்டுகிறார்கள் என்று நினைக்கிறேன்.

நானுஓயாவில் விருந்தினரை ஏற்றப் போகும் டிரைவர் சொல்ல வேண்டியது இது: "ரயில் வந்தவுடன் பிளாட்பாரத்துக்கு வருவேன்." முதலில் 'வருவேன்' என்பதை எடுங்கள்: "ஐ வில் கம் டு த ப்ளாட்ஃபார்ம்." வில் இங்கே செலவாகிவிட்டது. மீதிக்கு அது இல்லை: "அஸ் சூன் அஸ் த ட்ரெய்ன் அரைவ்ஸ்." இரண்டில் எதை முதலில் சொன்னாலும் பரவாயில்லை. வில்லை எடுத்த கையோடு 'அரைவ்ஸ்' என்பதன் கடைசி 'ஸ்' ஒலியையும் விட்டுவிடுவார்கள். ரயில், லொறி, மேனேஜர் என்று ஒருமையில் வந்தால் அந்த 'ஸ்' கட்டாயம். 'ரீச்' சொல்லுக்குப் பின்னால் 'டு' போடும் பழக்கமும் உண்டு. 'ரீச் ஹட்டன்' என்றாலே போதும்.

'அஸ் சூன் அஸ்' என்றால் உடனே என்று வாக்குக் கொடுப்பது. மலைப்பாதையில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் கிடைக்கும். உடனே கோல் எடுக்க முடியாத இடமென்றால் வெறும் 'வென்' போதும்.

வேலை முழுதாக முடிந்த பிறகு என்று அழுத்திச் சொல்ல 'ஹேவ்' வரும்: "அஸ் சூன் அஸ் ஐ ஹேவ் க்ளீன்ட் த ரூம், ஐ வில் டெல் யூ." இங்கும் முதல் பாதியில் வில் இல்லை.

வென்னுக்குப் பிறகு வில் வரக்கூடிய இடமும் இருக்கிறது. தமிழில் 'எப்போது' என்று வருகிறதா என்று பாருங்கள். ரயில் தாமதம், எப்போது வரும் என்று தெரியாது என்றால், "ஐ டோன்ட் நோ வென் த ட்ரெய்ன் வில் கம்" என்பதே சரி. 'வந்ததும்', 'வந்தவுடன்', 'வரும்போது' என்றால் வில் போடக் கூடாது. ஒரே மூச்சில் இரண்டும் வரும்: "ஐ டோன்ட் நோ வென் இட் வில் கம், பட் வென் இட் கம்ஸ், ஐ வில் கோல் யூ."