பழைய வேலைக்கு ஒன்பது குறிப்புகள், இன்றைய வேலைக்கு இரண்டு: ஒரு ரெஸ்யூமேயைச் சீர்செய்த அனுபவம்

மலேசியாவின் கெடா மாநிலத்தில் பாடாங் செராயைச் சுற்றியுள்ள தோட்டங்களில் வேலையைத் தொடங்கி, பிறகு கூலிம் தொழிற்சாலைகளுக்கு மாறியவர்கள் எங்கள் பக்கத்தில் நிறையப் பேர் இருக்கிறோம். நானும் அவர்களில் ஒருத்தி. 2007 முதல் ஒரு தோட்ட அலுவலகத்தில் கிராணி எனப்படும் எழுத்தர், 2012 முதல் செம்பனை எண்ணெய் ஆலையொன்றில் எடைமேடை எழுத்தர், 2017 முதல் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் உதவியாளர், 2021 முதல் அதே தொழிற்சாலையில் கிடங்குச் சூப்பர்வைசர் என்பது என் வரிசை. அண்மையில் வேறொரு நிறுவனத்தில் சரக்கிருப்பு நிர்வாகி பதவிக்கு விண்ணப்பிப்பதற்காக என் ஆங்கில ரெஸ்யூமேயை எடுத்துப் பார்த்தபோது, கிராணி வேலைக்கு ஒன்பது குறிப்புகளும், எடைமேடைக்கு ஆறும், ஸ்டோருக்கு நான்கும், இப்போது பார்க்கும் வேலைக்கு வெறும் இரண்டும் இருந்தன.

இது எனக்கு மட்டும் நேர்ந்ததன்று. ரெஸ்யூமேயை யாரும் ஒரே மூச்சில் எழுதுவதில்லை. வேலை மாறும்போதெல்லாம் பழைய கோப்பின் தலையில் புதிய வேலையை அவசரமாக ஒட்டி அனுப்புகிறோம். முதல் வேலையைப் பற்றி எழுதியபோது சொல்வதற்கு வேறெதுவும் இல்லாததால் அது பக்கம் முழுவதும் பரவியது; அன்று அதுவே நடப்பு வேலையாக இருந்ததால் நிகழ்காலத்தில் எழுதப்பட்டது. ஆக, குறிப்புகளின் எண்ணிக்கை தலைகீழாக இருப்பதும், விட்டுவந்த வேலை இன்னும் நடப்பதுபோல் வாசிக்கப்படுவதும் ஒரே காரணத்தால் வருபவை. இரண்டையும் சேர்த்துத்தான் திருத்த வேண்டும்.

மனிதவளப் பிரிவில் பணிபுரியும் தோழி ஒருத்தி பொதுவான அளவொன்றைச் சொன்னாள். நடப்பு வேலைக்கு ஐந்து அல்லது ஆறு குறிப்புகள், அதற்கு முந்தையதற்கு மூன்று அல்லது நான்கு, அதற்கும் முந்தையவற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு, பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முற்பட்டவற்றுக்குப் பதவி, நிறுவனம், ஆண்டு ஆகியவை மட்டுமே போதும் என்பது அந்தக் கணக்கு. நல்ல தொடக்கந்தான், ஆனால் நான் அதை அப்படியே பின்பற்றவில்லை. ஸ்டோர் உதவியாளராகச் செய்தவற்றில் பாதி, சூப்பர்வைசராக இன்று நான் செய்பவையே: பொருளை எண்ணுவது, கணினி இருப்போடு ஒப்பிடுவது, வித்தியாசத்தை அறிக்கையாக எழுதுவது. ஒரே நிறுவனத்தில் பதவி உயர்வு பெற்றவர்களின் ரெஸ்யூமேயில் இந்த இரட்டிப்பு கட்டாயம் இருக்கும். ஒரு வேலையை இரண்டு இடங்களில் சொல்லாமல், உயர்ந்த பதவியின்கீழ் ஒரு முறை மட்டும் சொன்னால், கீழே தானாக இடம் காலியாகிறது. ஸ்டோர் வேலைக்கு இரண்டு குறிப்புகளே மிஞ்சின.

அதைவிடப் பழையதான எடைமேடை வேலைக்கு மூன்று கொடுத்தேன். பழக்குலைகளோடு உள்ளே வரும் லாரியை ஒரு முறையும், இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பும்போது மறுமுறையும் நிறுத்தி, வித்தியாசத்தை நிகர எடையாகப் பதிந்து, தோட்டத்தின் அனுப்பீட்டுச் சீட்டோடு ஒத்துப் பார்ப்பது அங்கே அன்றாட வேலை. சரக்கிருப்பு நிர்வாகியைத் தேடுபவர்களுக்கு வேண்டியது இந்தச் சரிபார்க்கும் பழக்கமே. புதிய வேலைக்கு அதிக இடம் என்ற விதிக்கு, விண்ணப்பிக்கும் பதவிக்கு நெருக்கமான வேலைக்கு அதிக இடம் என்ற விதி சில வேளைகளில் குறுக்கே வரும். அப்போது இரண்டாவதைத்தான் கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

கிராணி வேலைக்கு வருவோம். பிரட்டு என்பது வேலைக்குப் போகுமுன் தொழிலாளர்கள் கூடி நிற்கும் காலை அணிவகுப்பு; செக்ரோல் என்பது வருகையும் சம்பளமும் ஏறும் பேரேடு. பழைய கோப்பில் முதல் குறிப்பு இப்படி இருந்தது: "காலைப் பிரட்டில் ஆள்கணக்கு எடுக்கிறேன், செக்ரோலில் நாட்சம்பளத்தையும் துண்டுவேலைக் கணக்கையும் ஏற்றுகிறேன், விடுப்பு எடுத்தவர்களின் பட்டியலை மாத இறுதியில் நிர்வாகியிடம் கொடுக்கிறேன்." மூன்று வரிகள், மூன்று வேலைகள், எல்லாம் நிகழ்காலம். இதையும் மற்ற எட்டையும் சேர்த்து, "தோட்டத் தொழிலாளர்களின் வருகைப் பதிவையும் சம்பளக் கணக்கையும் செக்ரோலில் பராமரித்தேன்" என்று ஒரே வரியாக்கினேன். பிரட்டுக்களத்தில் விடியுமுன் போய் நின்றதெல்லாம் அந்த வரியில் இல்லை என்பது சற்று உறுத்தியது. ஆயினும் கூலிமில் இதைப் படிக்கப்போகிறவருக்கு அது தேவையில்லை.

இப்போது காலம். விட்டுவந்த வேலைகள் எல்லாம் இறந்தகாலம். இதில் குழப்பமே இல்லை. நடப்பு வேலையில்தான் இரண்டும் கலக்கும். சுழற்சி முறையில் இருப்பை எண்ணுவது இன்றும் நடப்பதால் அது நிகழ்காலம். 2023-இல் ரேக்குகளுக்குப் புதிய எண் முறையை அமைத்தது முடிந்துபோனதால் அது இறந்தகாலம். இப்படிக் கலப்பது தவறன்று, ஆனால் நிகழ்காலக் குறிப்புகளை மேலே ஒன்றாகவும், முடிந்த பணிகளைக் கீழே ஒன்றாகவும் வைத்தால்தான் வாசிப்பவர் தடுமாறமாட்டார். ஒரே குறிப்புக்குள் "மேற்பார்வையிடுகிறேன், பயிற்சி அளித்தேன்" என்று இரண்டு காலங்களும் வந்தால் அதை இரண்டு குறிப்புகளாகப் பிரித்துவிட வேண்டும்.

ஆங்கில ரெஸ்யூமேயில் 'நான்' என்ற எழுவாயை விட்டுவிட்டு வினையில் தொடங்குவது வழக்கமாதலால், காலம் முதல் சொல்லிலேயே தெரிந்துவிடும். ஆகவே தாளை அச்சிட்டு, ஒவ்வொரு குறிப்பின் முதல் சொல்லை மட்டும் விரல் வைத்து மேலிருந்து கீழே படித்தேன். ஓரிடத்தில் 'மேனேஜ்', அடுத்ததில் 'மேனேஜஸ்', பிறகு 'மேனேஜ்ட்' என்று மூன்று வடிவங்கள் சிக்கின. நடுவிலுள்ளது வேறு யாரோ என்னைப் பற்றி எழுதிக் கொடுத்ததுபோல் ஒலிக்கும். இன்னும் சில குறிப்புகள் 'ரெஸ்பான்சிபிள் ஃபார்' என்று தொடங்கிக் காலத்தையே மறைத்தன, அவற்றை வினையாக்கினேன். 'led' என்று இறந்தகாலத்தில் எழுத வேண்டியதை 'lead' என்ற நிகழ்கால எழுத்துகளோடு விட்டுவிடுவது பலரிடம் நான் பார்த்திருக்கும் பிழை. அதுவும் சரியான ஆங்கிலச் சொல்லே என்பதால் கணினியின் எழுத்துத் திருத்தி அதைச் சுட்டிக்காட்டாது.

நீளத்துக்கு நான் வைத்த வரம்பு எளிது: நடப்பு வேலையின் குறிப்பு இரண்டு வரியைத் தாண்டக் கூடாது, பழைய வேலைகளின் குறிப்பு ஒரு வரிக்குள் நிற்க வேண்டும். இரண்டாம் வரியில் ஒரே ஒரு சொல் மட்டும் வழிந்து தொங்கினால், அந்த வாக்கியத்தில் வெட்டக்கூடிய சொல் ஒன்று நிச்சயம் இருக்கும். முற்றுப்புள்ளி வைப்பதானால் எல்லாக் குறிப்புகளுக்கும் வைக்க வேண்டும், இல்லையேல் எதற்கும் கூடாது. ஆண்டு எழுதும் முறையும் அப்படியே.

முடிவில் ஆறு, இரண்டு, மூன்று, ஒன்று என்று பன்னிரண்டு குறிப்புகளோடு எல்லாம் ஒன்றரைப் பக்கத்தில் அடங்கிற்று. வெட்டியவற்றை அழிக்காமல், அனுப்பாத முழுக் கோப்பு ஒன்றில் சேர்த்து வைத்திருக்கிறேன். அடுத்து ஓர் எண்ணெய் ஆலையின் அலுவலகப் பதவிக்கு விண்ணப்பித்தபோது, கிடங்கு வேலையை நான்காகக் குறைத்து, எடைமேடைக் குறிப்புகளை ஐந்தாக உயர்த்த வேண்டியவற்றை அந்தக் கோப்பிலிருந்தே எடுத்துக்கொண்டேன். அந்தக் கோப்பிலும் நடப்புப் பதவிக்கு முந்தைய குறிப்புகளை எல்லாம் முன்கூட்டியே இறந்தகாலத்துக்கு மாற்றிவிட்டேன். இப்போதைய வேலையை விடும் நாளில் 'இன்றுவரை' என்ற சொல்லையும் மேலே உள்ள நிகழ்கால வினைகளையும் ஒரே அமர்வில் மாற்றினால் போதும்.