தாய்க்கு ஒரு பில், சேய்க்கு ஒரு பில்: கேஷ்லெஸ் பிரசவத்தில் நாங்கள் பட்ட பாடு

பிரசவச் செலவுக்குக் காப்பீடு இருக்கிறது என்று நம்பியிருந்தவர்களில் நானும் ஒருவன். திருமணத்துக்கு முன்பே என் பெயரில் ஒரு தனிநபர் பாலிசி எடுத்து, திருமணமானதும் மனைவியை அதில் சேர்த்திருந்தேன். பிரசவத்துக்கான காத்திருப்புக் காலம் 24 மாதங்கள். "பாலிசி எடுத்து மூன்று வருஷம் ஆச்சே, தாராளமா கிளெய்ம் பண்ணலாம் சார்" என்று முகவர் அடித்துச் சொன்னார். ஆனால் அந்த 24 மாதங்களை நான் பாலிசி எடுத்த நாளிலிருந்து அல்ல, மனைவியின் பெயர் பாலிசியில் ஏறிய நாளிலிருந்தே கணக்கிடுவார்கள் என்பது, கர்ப்பம் உறுதியான பிறகு நிறுவனத்துக்கு மின்னஞ்சல் எழுதிக் கேட்டபோதுதான் தெரிந்தது. பிரசவத் தேதி அந்த வரம்புக்குச் சில மாதங்கள் முன்பாகவே வந்துவிட்டதால் அந்தப் பாலிசியால் பயனில்லை. முகவர் வாய்மொழியாகச் சொன்னதற்கு எந்த மதிப்பும் கிடையாது. பெயர் சேர்ந்த தேதி பாலிசி அட்டவணையிலேயே அச்சாகியிருக்கும். அதைப் பார்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

மிஞ்சியது என் அலுவலகத்தின் குரூப் பாலிசி. அதில் பிரசவத்துக்குக் காத்திருப்புக் காலம் கிடையாது. குடும்பத்துக்கு மொத்தம் 5 லட்சம் ரூபாய். ஆனால் பிரசவத்துக்கு மட்டும் தனி உச்சவரம்பு உண்டு: சுகப்பிரசவத்துக்கு 50,000, சிசேரியனுக்கு 75,000. மருத்துவமனையில் இரண்டுக்குமான மதிப்பீட்டை எழுத்தில் வாங்கினோம். சிசேரியன் ஆனால் கையிலிருந்து 40,000 வரை போகும் என்று கணக்கிட்டு, அதை மாதாமாதம் தனிக் கணக்கில் ஒதுக்கினோம். ஸ்கேனும் மாதாந்திரப் பரிசோதனைகளும் வெளிநோயாளிச் செலவு என்பதால் எங்கள் பாலிசியில் வராது. அவை முழுக்க எங்கள் பொறுப்பு.

முன் அனுமதிப் படிவத்தைப் பிரசவத் தேதிக்கு முன்பே மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கொடுத்துவிட்டோம். அங்கிருந்த ஊழியர், முந்தைய கர்ப்பங்கள், உயிருடன் இருக்கும் குழந்தைகள் பற்றிய கட்டத்தைக் காலியாக விட்டே அனுப்பியிருக்கிறார். பெரும்பாலான குரூப் பாலிசிகள் முதல் இரண்டு குழந்தைகளுக்கு மட்டுமே பிரசவச் செலவு தருவதால், அந்தக் கட்டம் நிரம்பாமல், காப்பீட்டு நிறுவனத்துக்காகக் கிளெய்ம்களைப் பரிசீலிக்கும் இடைநிறுவனமான டிபிஏ அனுமதி தராது. மனைவியை மருத்துவமனையில் சேர்த்த இரவில், அந்தக் கட்டத்தைப் பற்றிக் கேள்வி கேட்டு டிபிஏ படிவத்தைத் திருப்பி அனுப்பியது. மறுநாள் காலை மருத்துவர் கையெழுத்திட்ட கடிதம் போன பிறகுதான் முதல் அனுமதி கிடைத்தது. படிவம் போவதற்கு முன் அதன் நகலை ஒருமுறை வாங்கிப் படித்துவிடுங்கள்.

சிசேரியன் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் குழந்தைக்கு மஞ்சள் காமாலை என்று பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒளி சிகிச்சைக்கு வைத்தார்கள். உண்மையான சிக்கல் அங்கேதான் தொடங்கியது.

டிஸ்சார்ஜ் அன்று மொத்த பில் 1,43,000 ரூபாய். அதில் தாயின் செலவு 1,12,000. குழந்தையின் செலவு 31,000. இரண்டையும் ஒரே பில்லாகச் சேர்த்து, தாயின் கிளெய்ம் எண்ணிலேயே அனுப்பிவிட்டார்கள். டிபிஏ வழக்கம்போல் சிசேரியன் உச்சவரம்பான 75,000 ரூபாயை மட்டும் அனுமதித்து, மீதி 68,000 ரூபாயை எங்களைக் கட்டச் சொன்னது. பிறந்த நாளிலிருந்தே குழந்தைக்கும் குடும்பத்தின் 5 லட்சத்திலிருந்து பாதுகாப்பு உண்டு, அது பிரசவ உச்சவரம்புக்குள் அடங்காது என்று எங்கள் பாலிசியில் தெளிவாக எழுதியிருந்தது. அந்தப் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். "அம்மா பில்லோடதான் குழந்தை பில்லும் வரும் சார், எல்லாருக்கும் இப்படித்தான் போடுறோம்" என்று பில்லிங் ஊழியர் ஏறெடுத்தும் பார்க்காமல் சொன்னார்.

அலுவலக எச்.ஆர். மூலம் டிபிஏவிடம் பேசியபோதுதான் வழி தெரிந்தது. குழந்தைக்குத் தாயின் பெயரோடு 'பேபி ஆஃப்' என்று தனி உள்நோயாளி எண், தனி பில், தனி டிஸ்சார்ஜ் சுருக்கம், தனி முன் அனுமதி ஆகிய நான்கும் இருந்தால் அது தனி கிளெய்ம் ஆகிவிடும். குழந்தையைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றிய அன்றே கேட்டிருந்தால் கேஷ்லெஸ் முறையிலேயே முடிந்திருக்கும். மருத்துவமனையில் ஒருவரும் இதைச் சொல்லவில்லை. பில்லிங் மேலாளரிடம் போய் நின்று, பில்லைப் பிரித்துத் தராமல் கிளம்ப மாட்டோம் என்று சொன்ன பிறகு பிரித்துக் கொடுத்தார்கள். அன்று 68,000 ரூபாயைக் கட்டிவிட்டு, குழந்தையின் 31,000 ரூபாய்க்குத் தனியாகப் பணம் திரும்பக் கோரினோம்.

இடையில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இறுதி அனுமதியை 3 மணி நேரத்துக்குள் தர வேண்டும், தாமதத்தால் மருத்துவமனை கூடுதல் கட்டணம் போட்டால் அதைக் காப்பீட்டு நிறுவனமே ஏற்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024 மே மாதச் சுற்றறிக்கையில் கூறியிருக்கிறது. ஆனால் மருத்துவமனை கோரிக்கையை அனுப்பும் நேரத்திலிருந்துதான் அந்த 3 மணி நேரம் ஓடத் தொடங்கும். மருத்துவர் காலையிலேயே போகலாம் என்று சொல்லியும், கோப்பு மதியத்துக்குப் பிறகே போனது. எத்தனை மணிக்கு அனுப்பினார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்வது நல்லது.

பணத்தைத் திரும்பப் பெறக் குழந்தையின் பெயர் பாலிசியில் ஏற வேண்டும். எங்கள் பாலிசியில் அதற்குப் பிறந்ததிலிருந்து 30 நாள் கெடு. அதற்குப் பிறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். தமிழ்நாட்டில் பிறப்புச் சான்றிதழுக்கு, கர்ப்பத்தை அரசு சுகாதாரத் துறையில் பதியும்போது தரும் 'பிக்மி' எண் வேண்டும். அரசுத் திட்டங்களில் பணம் பெறுபவர்களுக்குத்தான் அந்த எண் என்று நினைத்து, தனியார் மருத்துவமனைக்குப் போகும் பலர் அதை விட்டுவிடுகிறார்கள். நாங்கள் மூன்றாம் மாதத்துக்குள்ளேயே பகுதியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்து 12 இலக்க எண்ணை வாங்கியிருந்தோம். பக்கத்து அறையில் இருந்த குடும்பத்தினர், பிரசவம் முடிந்த பிறகு அதற்காகத் தங்கள் ஊர் செவிலியரைத் தேடி அலைந்தார்கள். பெயர் வைக்கும் வரை காத்திருக்கவும் தேவையில்லை. பெயரில்லாமல் சான்றிதழ் வாங்கிக்கொண்டு, ஓராண்டுக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம்.

நாங்கள் பிக்மி எண்ணுக்குப் பதிந்தபோது, சுகாதார நிலையத்தில் இருந்த செவிலியர் அக்கா, முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் பற்றியும் விளக்கினார். ஏழைக் குடும்பத்துப் பெண்களுக்கு, 19 வயது நிறைந்திருந்தால், முதல் இரண்டு பிரசவங்களுக்கு 14,000 ரூபாய் ரொக்கமும் 4,000 ரூபாய் மதிப்புள்ள ஊட்டச்சத்துப் பெட்டகங்களும் தருகிறார்கள். தகுதி உள்ளவர்கள் 12 வாரத்துக்குள் பதிந்துவிட வேண்டும் என்றார். எங்கள் வருமானத்துக்கு அது பொருந்தாது. ஆனால் மனைவி வேலை செய்யும் நிறுவனம் சட்டப்படி தர வேண்டிய 26 வாரச் சம்பள விடுப்பைத் தந்தது. பேறுகால மருத்துவத்தை நிறுவனம் இலவசமாகத் தராவிட்டால் 3,500 ரூபாய் மருத்துவ போனஸும் தர வேண்டும் என்பதை எடுத்துக்காட்டி எழுதிக் கேட்டபோது, அதையும் கொடுத்தார்கள்.

குழந்தையின் கிளெய்மில் கையுறை, டயப்பர், பதிவுக் கட்டணம் போன்றவற்றுக்காக 2,500 ரூபாயைக் கழித்துக்கொண்டு 28,500 ரூபாயை வங்கிக் கணக்கில் போட்டார்கள். ஆக எங்கள் கையிலிருந்து போனது 39,500 ரூபாய். ஒதுக்கி வைத்த தொகைக்குள் அது அடங்கிவிட்டது. ஆனால் டிஸ்சார்ஜ் அன்று 68,000 ரூபாயைப் புரட்ட மைத்துனரிடம் கைமாற்று வாங்க வேண்டியிருந்தது. ஆகவே சிசேரியன் மதிப்பீட்டிலிருந்து உச்சவரம்பைக் கழித்து வரும் தொகையோடு, குழந்தை சில நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தால் ஆகும் செலவையும் மருத்துவமனையிடம் முன்கூட்டியே கேட்டு, அதையும் கையில் எடுக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள்.