துலாம் நண்பனுக்கு ஒரு வாரப் பலன்

2025 ஜூன் 1, ஞாயிறு

துலாம் ராசிக்காரனான என் நண்பனுக்கு இந்த வாரத்தின் கேலி ராசிபலனை எழுதத் தொடங்கினேன். பலன் கேலியாக இருந்தாலும் கிரக நிலை சரியாக இருந்தால்தான் சிரிப்பு நிற்கும் என்பதால், முதலில் பஞ்சாங்கத்தைப் பார்த்தேன். ஒரு ராசியில் ஏறத்தாழ இரண்டேகால் நாள் தங்கும் சந்திரன், இந்த வாரம் சிம்மத்தில் தொடங்கி, புதன் முதல் வெள்ளி வரை கன்னியில் இருந்துவிட்டுத் துலாத்துக்கு வருகிறான். துலாத்துக்குக் கன்னி பன்னிரண்டாம் இடம். அதை விரய ஸ்தானம் என்பார்கள். அயன சயன ஸ்தானம் என்பதும் அதையேதான். செலவுக்கும் படுக்கைக்கும் சோதிடம் ஒரே வீட்டை ஒதுக்கியிருக்கும்போது, என் நண்பனுக்கு வேறு வீடு தேட வேண்டியதில்லை.

ஜூன் 2, திங்கள்

காலையில் அனுப்பிய பலன் இது:

"துலாம் ராசி அன்பர்களே! வாரத் தொடக்கத்தில் சந்திரன் லாப ஸ்தானத்தில் இருப்பதால் பணவரவு திருப்தி தரும். ஆனால் அந்தத் திருப்தி மாலை வரை மட்டுமே. புதன்கிழமை விரய சயன யோகம் தொடங்குகிறது. ஐந்து அலாரங்கள் அடுத்தடுத்து உங்களிடம் தோற்று, ஆறாவது அலாரம் தானாகவே ராஜினாமா செய்யும். சூரியன் உதித்ததை உச்சிப்பொழுதில் பிறர் சொல்லி அறிவீர்கள். கண் திறக்கும் முன்பே விரல் கைபேசியில் எதையாவது வாங்கிவிடும். விழித்தபின் அதற்கு உறையும், உறைக்கு ஒரு பையும் வாங்குவீர்கள். சந்திராஷ்டமம் இல்லாததால் பழியைக் கிரகத்தின்மேல் போட வழியில்லை. பரிகாரம்: கைபேசியைக் கட்டிலிலிருந்து பத்தடி தள்ளி வைக்கவும். அதிர்ஷ்டத் திசை: கட்டிலுக்கு எதிர்த்திசை."

கடன், உடல்நலம், திருமணம் ஆகிய மூன்றையும் வேண்டுமென்றே தொடவில்லை. அவனே சொல்லிச் சிரிக்கும் குறைகளை எவ்வளவு ஊதிப் பெருக்கினாலும் அவனுக்கு வலிக்காது. அவன் பேசத் தயங்கும் ஒன்றைச் சொல்லிவிட்டால் எத்தனை நல்ல வரியும் குத்தலாகிவிடும்.

ஜூன் 4, புதன்

நண்பகலுக்குச் சற்றுமுன் பதில் வந்தது: "பலன் தவறு. ஆறாவது அலாரம் ராஜினாமா செய்யவில்லை, நான்தான் அதைப் பணிநீக்கம் செய்தேன்."

ஜூன் 6, வெள்ளி

மேசைவிளக்கு ஒன்று வாங்கியிருக்கிறான். அதிகாலையில் எழுந்து படிப்பதற்காம்! படம் அனுப்பியிருந்தான், விளக்கு இன்னும் பெட்டிக்குள்ளேயே இருந்தது, பெட்டி தலையணைக்குப் பக்கத்தில் இருந்தது. விரயமும் சயனமும் ஒரே படத்தில் அமைந்த அழகை நானே கற்பனை செய்திருக்க முடியாது.

ஜூன் 8, ஞாயிறு

அடுத்த வாரப் பலனை அவனே கேட்டு வாங்குகிறான். நாளை சந்திரன் விருச்சிகத்துக்கு, அதாவது அவனுடைய இரண்டாம் இடத்துக்கு வருகிறான். அது தனத்துக்கும் வாக்குக்கும் உரிய வீடு. முதல் வரியை எழுதிவிட்டேன்: "இனி ஒரு பைசா செலவழிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்வீர்கள், அந்தச் சத்தியத்தைக் குறித்துவைக்கப் புதிய குறிப்பேடு ஒன்று வாங்குவீர்கள்."