1,790 சென்டிமார்கன்: அத்தையா, அக்காவா?

டிஎன்ஏ பரிசோதனை முடிவு வந்தபோது, என் உறவினர் பட்டியலில் முதலிடத்தில் இருந்தது நான் கேள்விப்பட்டிராத ஒரு பெண்ணின் பெயர். எங்கள் இருவருக்கும் பொதுவானது 1,790 சென்டிமார்கன். உறவு என்ற இடத்தில் ‘நெருங்கிய குடும்பம்’ என்று மட்டும் போட்டிருந்தார்கள். அவரை விசாரித்தேன். என்னைவிட நான்கு வயது மூத்தவர். வளர்ப்புப் பெற்றோரிடம் வளர்ந்தவர். பெற்றவர்கள் யாரென்று தெரியாமல்தான் பரிசோதனை செய்திருக்கிறார். என் அப்பா உயிரோடு இல்லை, கேட்க முடியாது. ஆகவே எச்சிலைக் கொடுத்த எங்களிடம்தான் பதில் இருக்க வேண்டும் என்று இருவருமாக உட்கார்ந்தோம்.

முதலில் அந்த எண்ணைப் பற்றி. சென்டிமார்கன் என்பது குரோமோசோம் துண்டுகளின் நீளத்தைச் சொல்லும் அலகு. ஒரே மூதாதையிடமிருந்து இருவருக்கும் அப்படியே இறங்கி வந்த துண்டுகளை ஐபிடி துண்டுகள் என்பார்கள். அவற்றின் நீளங்களைக் கூட்டினால் வருவதுதான் அந்த மொத்தம். பெற்றோருக்கும் பிள்ளைக்கும் சுமார் 3,400 முதல் 3,500 வரும். 1,750 என்றால் அதில் பாதி, அதாவது 25 சதவீத உறவு. சிக்கல் இங்கேதான் ஆரம்பம். பாட்டிக்கும் பேத்திக்கும் சராசரி 1,750. அத்தைக்கும் மருமகளுக்கும் 1,750. அப்பா ஒன்று, அம்மா வேறு என்ற சகோதரிகளுக்கும் அதே 1,750. மொத்தத்தை மட்டும் எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் இந்த மூன்றையும் பிரிக்க முடியாது.

சித்தப்பா மகள், மாமா மகள் போன்ற உறவு என்றால் சராசரி 870 அளவில் நிற்கும். பெரும்பாலும் 400க்கும் 1,400க்கும் இடையில். எங்கள் எண் அதைத் தாண்டிவிட்டது. இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. இருவரின் அப்பாக்களும் உருவொத்த இரட்டையர்களாக இருந்தால், சித்தப்பா மகளும் மரபணுக் கணக்கில் ஒரே அப்பாவுக்கு வேறு அம்மாவிடம் பிறந்தவள் போலத்தான் தெரிவாள். என் அப்பா இரட்டைப் பிறவி இல்லை.

அடுத்து அம்மாவைக் கேட்டேன். தயங்கினார், பிறகு தானே சம்மதித்துப் பரிசோதனை செய்துகொண்டார். அவருக்கும் அந்தப் பெண்ணுக்கும் பொதுவாக ஒரு துண்டுகூட இல்லை. இந்த ஒரு முடிவில் அம்மா வழி உறவுகள் அனைத்தும் கழிந்துவிட்டன. என் உடன்பிறந்தவர் யாருக்காவது பிறந்த மகளாக இருக்கலாமோ என்ற சந்தேகமும் போய்விட்டது, ஏனென்றால் அவள் என் அம்மாவுக்கும் பேத்தியாக இருப்பாள். வயதைப் பார்த்தால் பாட்டியாக இருக்க வழியில்லை. மிஞ்சியவை இரண்டு: அப்பாவின் தங்கை, அல்லது அப்பாவின் மகள். அப்பா பிறந்தபோது அப்பாவைப் பெற்ற பாட்டிக்கு 18 வயது. இந்தப் பெண் பிறந்த ஆண்டில் பாட்டிக்கு 40 ஆகியிருக்கும். நடக்கக்கூடியதுதான், அதனால் அத்தை என்ற வாய்ப்பைச் சும்மா தள்ளிவிட எனக்கு மனமில்லை.

துண்டுகளின் எண்ணிக்கை இங்கே கைகொடுத்தது. ஒவ்வொரு தலைமுறையிலும் குரோமோசோம்கள் குறுக்காக வெட்டி மாற்றிக்கொள்கின்றன. ஒரு விந்தணுவில் சுமார் 26 வெட்டுகள், ஒரு கருமுட்டையில் சுமார் 40. அப்பாவழிப் பாட்டிக்கும் பேத்திக்கும் இடையில் கணக்கில் வருவது அப்பாவின் விந்தணுவில் நடந்த வெட்டுகள் மட்டுமே. அதனால் துண்டுகள் குறைவு, நீளம் அதிகம்; ஏறக்குறைய 25 துண்டுகள். ஒரே அப்பாவின் மகள்கள் என்றால் இரண்டு விந்தணுக்களின் வெட்டுகள் சேரும். 40க்குச் சற்றுக் கீழே எதிர்பார்க்கலாம். அத்தை என்றால் பாட்டியின் கருமுட்டைகளில் நடந்த வெட்டுகளும் உள்ளே வந்து, எண்ணிக்கை 50ஐத் தொடும். எங்களுக்கு 36. அக்கா பக்கம்தான் சாய்கிறது. ஆனால் இந்த எண்ணிக்கைகள் ஆளுக்கு ஆள் ஏறி இறங்கும், ஒன்றன்மேல் ஒன்று படியும். இதை மட்டும் வைத்து ஒருவருக்கு ‘நீங்கள் என் அப்பாவின் மகள்’ என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன்.

எக்ஸ் குரோமோசோம் இதைவிட வலுவாகப் பேசியது. ஆணிடம் ஒரே எக்ஸ்தான் இருக்கிறது. மாற்றிக்கொள்ள இணை இல்லாததால் மகளுக்கு அதைக் கிட்டத்தட்ட வெட்டில்லாமல் முழுசாகத் தருகிறான். ஆகவே ஒரே அப்பாவின் மகள்கள் இருவருக்கும் எக்ஸ் முனையிலிருந்து முனைவரை பொருந்தியாக வேண்டும். பொருந்தவில்லை என்றால் அப்பா வேறு. இருவரும் எங்கள் மூலத் தரவை ஜெட்மேட்ச் தளத்தில் ஏற்றி, எக்ஸை மட்டும் ஒப்பிட்டோம். நீலப் பட்டை ஓரிடத்திலும் அறாமல் கடைசிவரை ஓடியது. அத்தையாக இருந்தால் பாட்டியின் இரண்டு எக்ஸும் கலந்து வந்திருக்கும். எங்களுக்குள் விட்டுவிட்டுப் பொருந்தும், சராசரியாகப் பாதி நீளம். அத்தைக்கும் முழுசாகப் பொருந்துவது நடக்கவே நடக்காது என்று சொல்ல முடியாது, மிக அரிது.

அந்த அரிதையும் மூடிவிட சித்தப்பாவைக் கேட்டோம். இந்தக் கணக்கில் அவர்தான் உரைகல். அந்தப் பெண் அப்பாவின் தங்கை என்றால் சித்தப்பாவுக்கும் உடன்பிறந்த தங்கை. அவர்களுக்குள் சுமார் 2,600 சென்டிமார்கன் வர வேண்டும். அப்பாவின் மகள் என்றால் சித்தப்பாவுக்கு அவர் அண்ணன் மகள். எண் 1,750ஐச் சுற்றி நிற்கும். சித்தப்பாவே அவருடைய தந்தை என்றால் 3,400ஐத் தாண்டும். மூன்று பதில்களும் ஒன்றோடொன்று குழம்பாத தூரத்தில் இருப்பதுதான் இந்த ஒப்பீட்டின் அழகு.

வந்தது 1,655. என்னோடு சித்தப்பாவுக்கு 1,820.

எண்ணோடு நிறுத்தாமல் நிறப் பட்டைகளையும் பார்த்தேன். ஜெட்மேட்ச் படத்தில் ஒரு இடத்தில் இரண்டு பிரதிகளும் பொருந்தினால் பச்சை, ஒன்று மட்டும் பொருந்தினால் மஞ்சள், பொருந்தாவிட்டால் சிவப்பு. முழு உடன்பிறந்தவர்களுக்கு ஏறக்குறைய கால்வாசி மரபணுத் தொகுதி அம்மா வழியிலும் அப்பா வழியிலும் சேர்ந்தே பொருந்துவதால், நீளநீளமான பச்சைப் பாளங்கள் தெரியும். சித்தப்பாவுக்கும் அவருக்கும் பச்சை தெரிந்ததெல்லாம் மஞ்சளுக்கு நடுவே மெல்லிய கோடுகளாகத்தான். அவை தற்செயலான ஒற்றுமைகள், யாரை ஒப்பிட்டாலும் வரும். பாளம் ஒன்றுகூட இல்லை.

இதே காரணத்தால் 7 சென்டிமார்கனுக்குக் கீழான துண்டுகளை நாங்கள் கணக்கில் சேர்க்கவில்லை. அந்த அளவில் பலவும் மூதாதை வழி வந்தவை அல்ல, டிஎன்ஏ எழுத்துகள் தற்செயலாக ஒத்துப்போனவை. சொந்தத்துக்குள் தலைமுறை தலைமுறையாகத் திருமணம் நடந்த குடும்பங்களில் இன்னும் கவனம் வேண்டும். அங்கே மொத்தம் உண்மையான உறவைக் காட்டிலும் ஊதித் தெரியும். சிறிய துண்டுகள் ஏராளமாக இருப்பதுதான் அதன் அடையாளம். எங்கள் பட்டியலில் அப்படி இல்லை.

அக்காவுக்கு இப்போது அவருடைய அம்மாவைத் தேட வேண்டும். என் முடிவு அதற்கும் உதவுகிறது. அவர் பட்டியலில் இருப்பவர்களில் என்னோடும் சித்தப்பாவோடும் பொருந்துகிறவர்களை அப்பா பக்கம் ஒதுக்கிவிட்டார். 25 சதவீத உறவு என்பதால் அப்பாவின் டிஎன்ஏவில் அவருக்கு வந்து, எனக்கும் சித்தப்பாவுக்கும் இல்லாத பகுதியும் உண்டு. எனவே எங்களோடு பொருந்தாதவர் எல்லாம் அம்மா பக்கம்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் மிஞ்சியவர்களில் முதலில் நிற்பவர் 880 சென்டிமார்கன். அந்த அளவு உறவுக்காரர் எங்கள் அப்பா வழி என்றால், சித்தப்பாவோடு பொருந்தாமல் இருக்கமாட்டார். அவருக்குத்தான் இந்த வாரம் அக்கா எழுதியிருக்கிறார்.