லாங் வீக்எண்டுக்கு மதுரைலயே ரூம் போட்டோம்

ஜனவரி 26 திங்கக்கிழமை வந்ததால சனி ஞாயிறோட சேர்ந்து நல்ல லீவு. கொடைக்கானல்ல ரூம் விசாரிச்சேன், சொன்ன ரேட்டைக் கேட்டதும் எரிச்சலாயிடுச்சு. சாதாரண நாள் வாடகைய விட ரெண்டு மடங்குக்கு மேல, அதுல காலை டிபன்கூட கிடையாது, இதுல காட் ரோட்டு டிராபிக்ல மணிக்கணக்கா வேற நிக்கணும். ஓய்வெடுக்கப் போயி அலுத்துப்போயி திரும்பி வர்றதுக்கு இவ்வளவு செலவான்னு வீட்டுக்காரர்ட்ட சொன்னேன். அவர்தான், வெளியூர்க்காரங்க எல்லாம் நம்ம ஊரைப் பார்க்க வர்றாங்க, நாம பேசாம டவுனுக்குள்ள ரூம் போட்டு இருப்போமான்னு கேட்டாரு.

எங்க வீடு திருநகர். வீட்டுலேர்ந்தே போய்ப் பார்த்துட்டு வரலாமேன்னு எங்க அண்ணி கேட்டாங்க. அது சரிப்படாது, நான் அடிச்சுச் சொல்றேன். டவுனோட நல்ல நேரம் ரெண்டே ரெண்டுதான், விடியக்காலைலேர்ந்து ஒன்பது மணி வரைக்கும் ஒண்ணு, ராத்திரி எட்டுக்கு மேல ஒண்ணு. நடுவுல வெயிலும் ஹாரனும் கடைத்தெரு நெரிசலும்தான். வீட்டுலேர்ந்து கிளம்பிப் போறவங்க கரெக்டா அந்த நடுநேரத்துலதான் போய்ச் சேருவாங்க. உள்ளயே தங்கினாத்தான் விடிகாலைல நடந்துட்டு, மதியம் ரூமுக்கு வந்து படுத்துத் தூங்கி எந்திரிச்சு, மறுபடி ராத்திரிக்குப் போகலாம். மதியத் தூக்கத்துக்குத்தான் அந்த ரூம் வாடகையே.

மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியில ஒரு நடுத்தர லாட்ஜ். ஸ்டேஷன், பெரியார் பஸ் ஸ்டாண்ட், கோயில் மூணுக்குமே நடந்துரலாம். தை மாசம் முகூர்த்தக் காலம், அதனால கல்யாணக் கூட்டத்துக்கே பாதி ரூம் போயிரும், ஒரு வாரம் முன்னாடியே சொல்லி வைக்கணும். இன்னொண்ணு, ரோட்டைப் பார்த்த ரூமை எடுக்கவே எடுக்காதீங்க. முதல்ல அதைத்தான் காட்டினாங்க, பால்கனி இருக்குன்னு பெருமையா வேற சொன்னாங்க. பின்பக்கம் மேல் மாடில இருக்கான்னு கேட்டு வாங்கினோம், வாடகையும் முந்நூறு ரூபா கம்மி, நல்ல அமைதி.

சரி, விஷயத்துக்கு வர்றேன். ஞாயித்துக்கிழமை விடியறதுக்கு முன்னாடியே கிளம்பி நடந்தோம் பாருங்க, அந்த நடைதான் இந்த லீவுலயே பெஸ்ட்டு. எட்டாவது படிக்கிற எங்க பொண்ணுதான் ஆரம்பிச்சு வச்சா. பெருமாள் மேஸ்திரின்னா யாரும்மா, சாமியான்னு கேட்டா. சாமி இல்ல, ஆளு.

மதுரையைச் சுத்தி நாயக்கர் காலத்துல பெரிய கோட்டை இருந்துச்சு, விஸ்வநாத நாயக்கர் கட்டினது, எழுபத்திரெண்டு கொத்தளம், சுத்தி அகழி. 1840கள்ல கலெக்டரா இருந்த பிளாக்பர்ன், ஊர் நெருக்கடியா இருக்குன்னு அந்தக் கோட்டையை இடிச்சு அகழியைத் தூர்க்க ஏற்பாடு பண்ணாரு. காசு கொடுத்து ஆள் வச்சு இடிக்கல, யார் எந்தப் பகுதியை இடிச்சுச் சமப்படுத்துறாங்களோ அந்த இடம் அவங்களுக்குன்னு கொடுத்தாங்க. அந்த வேலையைப் பார்த்துக்கிட்ட சர்வேயர் மாரட், கூட இருந்தவர் பெருமாள் மேஸ்திரி. இப்ப யோசிச்சுப் பாருங்க, மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி, வெளி வீதி, இந்தப் பேர் எல்லாம் கோட்டை போனதுக்கு அப்புறம் வந்த பேரு. நாங்க ரூம் போட்டிருந்ததே கோட்டை இருந்த எல்லையிலதான்!

அதுக்கு உள்ள போகப் போக வட்டம் வட்டமா பழைய ஊரு. மாசி வீதி, ஆவணி மூல வீதி, சித்திரை வீதி, கோயிலுக்குள்ளயே ஆடி வீதி. சித்திரைத் திருவிழாத் தேர் ஏன் சித்திரை வீதியில ஓடாம மாசி வீதியில ஓடுதுன்னு பொண்ணு கேட்டா பாருங்க, அங்கதான் எங்க வீட்டுக்காரருக்கு உற்சாகம் வந்துருச்சு. மாசியில நடந்த திருவிழாவைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாத்தி, அழகர் ஆத்துல இறங்குற விழாவோட சேர்த்துவிட்டாருன்னு சொல்வாங்க. விழா மாசம் மாறிப்போச்சு, தேர் ஓடுற வீதியோட பேர் மட்டும் அப்படியே நின்னுருச்சு. இதை நாலு மாசி வீதியும் சுத்தி நடந்துக்கிட்டே பேசும்போதுதான் பிள்ளைக்கு மண்டையில ஏறுது.

நடைக்கு நடுவுல பருத்திப்பால். பருத்திக்கொட்டையை ஊறவச்சு அரைச்சுப் பால் எடுத்து, அரிசி மாவு போட்டுக் கொதிக்க விட்டு, கருப்பட்டியும் சுக்கும் சேர்த்து, மேல தேங்காய்ப்பூ. விடிகாலைக் குளிருக்கு அந்தச் சுக்குக் காரம் தொண்டையில இறங்குறது தனி சுகம். நல்லா காய்ச்சினதா இல்லையான்னு கண்டுபிடிக்கிறது ஈஸி, பச்சை வாடை கொஞ்சம்கூட இருக்கக்கூடாது, கரண்டியில எடுத்து ஊத்தினா கெட்டியா நூலா விழணும். நாங்க குடிச்ச தள்ளுவண்டிக்காரர்ட்ட அப்படித்தான் இருந்துச்சு, ஆளுக்கு ரெண்டாவது டம்ளர் வாங்கினோம். டீக்கடைக்குப் போகவே தோணல.

கீழமாசி வீதியும் தெற்கு மாசி வீதியும் சேர்ற இடத்துல விளக்குத்தூண். அது பஸ்ஸுல வர்றவங்களுக்கு ஒரு ஸ்டாப் பேரு, துணி எடுக்க வர்றவங்களுக்கு ஒரு அடையாளம், அவ்வளவுதான். கடை திறக்காத நேரத்துல பக்கத்துல போய் நிமிர்ந்து பாருங்க, அது அந்த பிளாக்பர்ன் ஞாபகமா வச்ச தூண். கோட்டையை இடிச்ச கலெக்டருக்கு, நன்றின்னு சொல்லி ஊர்க்காரங்க வச்சது. பகல்ல அங்க ஒரு நிமிஷம் நிக்க முடியாது, பின்னாடி வர்ற ஆட்டோ தள்ளிட்டுப் போயிரும்.

அங்கேர்ந்து பக்கத்துச் சந்துதான் பத்துத்தூண். துணிக்கடைங்களுக்கு நடுவுல, ஆகாசத்தைத் தாங்குற மாதிரி பிரம்மாண்டமான பத்து கல்தூண் வரிசையா நிக்குது, மேல கூரை எதுவும் கிடையாது. இது திருமலை நாயக்கர் அரண்மனையோட மிச்சம். மஹால் இருக்கிற இடம் எங்க, இது எங்க! அரண்மனை எவ்வளவு பெருசா இருந்துச்சுன்னு எந்தப் போர்டும் இந்த அளவுக்குப் புரிய வைக்காது. 1636ல கட்டின அரண்மனையில இப்ப நிக்கிறது கால்வாசிதான்னு சொல்றாங்க, பேரன் சொக்கநாத நாயக்கர் காலத்துல தலைநகரைத் திருச்சிக்கு மாத்தினப்ப நிறையப் பிரிச்சு எடுத்துட்டுப் போயிட்டாங்க. மிச்சத்தையும் இடியவிடாம 1860கள் கடைசில மதராஸ் கவர்னரா இருந்த நேப்பியர் பிரபு பழுது பார்க்க வச்சதாலதான் நமக்கு சொர்க்கவிலாசமாவது கிடைச்சிருக்கு. அதனால என்னோட கருத்து, பத்துத்தூணைப் பார்த்துட்டு அப்புறமாத்தான் மஹாலுக்குள்ள போகணும். நேரா மஹாலுக்குப் போறவங்க பெரிய தூணு, நல்லா இருக்குன்னு செல்ஃபி எடுத்துட்டு வந்துருவாங்க.

மஹாலைப் பார்த்து முடிச்சு வெளிய வந்தப்ப பத்தரை மணி, நல்ல வெயில். ரூமுக்குப் போக ஆட்டோ கேட்டோம், அவ்வளவா தூரம் இல்ல, ரெண்டு கிலோமீட்டருக்குள்ளதான் வரும். இருநூத்தம்பதுன்னாரு. கையில மேப்பும் தலையில தொப்பியுமா எங்களைப் பார்த்துட்டு வெளியூருன்னு முடிவு பண்ணிட்டாரு போல. "அண்ணே, திருநகர்ணே நாங்க"ன்னு சொன்னதும் "அப்ப நூத்தம்பது குடுங்கக்கா"ன்னாரு. அந்த நூறு ரூபா எதுக்குன்னு எனக்கு இப்பவும் கோவம் ஆறல. ஊருக்கு வர்றவங்கட்ட முதல் முகமே நீங்கதான், அவங்ககிட்ட இப்படி வாங்கினா ஊர் பேர்தான் கெடும். நாங்க ஏறல, நிழலா இருந்த பக்கமா நடந்தே போயிட்டோம். வெளியூர்க்காரங்களுக்குச் சொல்றேன், ஆட்டோவை ஆப்புல புக் பண்ணுங்க, இல்ல அந்த ஆப்புல என்ன காட்டுதுன்னு பார்த்துட்டுப் பேரம் பேசுங்க.

மதியம் மூணு பேரும் அடிச்சுப்போட்ட மாதிரி தூங்கினோம். நாலரைக்கு எந்திரிச்சதுக்கு அப்புறமும் செய்ய எந்த வேலையும் இல்லைங்கிற அந்த நிலைமை வீட்டுல கிடைக்கவே கிடைக்காது.

சாயங்காலம் மஹால் பக்கம் சௌராஷ்டிரா மக்கள் இருக்கிற தெருக்கள்ல முள்ளுமுருங்கை வடை போடுவாங்க. வடைன்னு பேரு, பார்க்க பூரி மாதிரி தட்டையா பச்சையா இருக்கும். முள்ளுமுருங்கை இலையையும் அரிசியையும் அரைச்சுத் தட்டி எண்ணெயில போட்டு, மேல பொடி தூவித் தர்றாங்க. சுடச்சுட நின்னுக்கிட்டே தின்னணும், பார்சல் வாங்கினா அஞ்சு நிமிஷத்துல நமுத்துரும். மூணு பேரும் வயிறு முட்டத் தின்னும் நூறு ரூபா ஆகல! அந்த ராத்திரி சாப்பாட்டு பட்ஜெட் அப்படியே மிச்சம், அந்த சந்தோஷத்துல விளக்குத்தூண் பக்கம் போயி ஜிகர்தண்டாவும் சாப்பிட்டோம், பாதாம் பிசினும் நன்னாரியும் சுண்டக்காய்ச்சின பாலும்.

அப்புறம் கோயிலுக்கு. பகல் தரிசனத்துக்கு அந்த லீவுக் கூட்டத்துல நிக்கவே வேண்டாம்னு முன்னாடியே முடிவு. ராத்திரி பள்ளியறை பூஜைக்குப் போனோம். செல்போனை ரூம்லயே வச்சுட்டுப் போயிருங்க, உள்ள விட மாட்டாங்க, திரும்பி வரும்போது கவுண்டர்ல நிக்கிற நேரமும் மிச்சம். ஒன்பது மணி வாக்குல சுவாமி சன்னதியிலேர்ந்து சொக்கநாதரோட பாதத்தைப் பல்லக்குல வச்சு, நாதஸ்வரம் வாசிச்சுக்கிட்டே, விசிறி வீசிக்கிட்டே அம்மன் சன்னதிப் பள்ளியறைக்குக் கொண்டு போறாங்க. தினமும் நடக்குது, வருஷம் பூரா. பிறந்ததுலேர்ந்து இந்த ஊர்ல இருக்கேன், நான் பார்த்தது இதுதான் முதல் தடவை, ஏன்னா அந்த நேரத்துக்குத் திருநகருக்குக் கடைசி பஸ்ஸைப் பத்தித்தான் எப்பவும் யோசனை. பல்லக்கு எங்களைத் தாண்டிப் போனப்ப எனக்கு கண்ணு கலங்கிருச்சு. எட்டரைக்கே உள்ள போய் நின்னாத்தான் பல்லக்கு பக்கத்துல தெரியும், லேட்டா போனா முன்னாடி நிக்கிறவங்க தலைதான்.

செலவு கேப்பீங்க. ரூம் வாடகை, சாப்பாடு, டிக்கெட் எல்லாம் சேர்த்து, கொடைக்கானல்ல சொன்ன ஒரு ராத்திரி ரூம் வாடகைகூட ஆகல. புக் பண்ணும்போதே செக்அவுட் எப்படின்னு கேட்டுருங்க. சில லாட்ஜ்ல மதியம் பன்னெண்டு மணிக்குக் காலி பண்ணச் சொல்வாங்க, சில லாட்ஜ்ல போட்ட நேரத்துலேர்ந்து இருபத்திநாலு மணி நேரம். எங்களுக்கு ரெண்டாவது. சனிக்கிழமை ரெண்டு மணிக்குப் போட்டதால திங்கக்கிழமையும் சாப்பிட்டுட்டு ஒரு குட்டித்தூக்கம் போட்டுட்டுத்தான் காலி பண்ணோம். பைக்கைக் கொண்டு போகாதீங்க, அந்த வீதிகள்ல நிறுத்த இடம் தேடியே உசுரு போயிரும். பெரியாருக்கு நடந்து போயி டவுன் பஸ் ஏறினோம். எனக்கும் பொண்ணுக்கும் டிக்கெட் கிடையாது, அவருக்கு மட்டும்தான்.